யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில்: நாள் தூரத்தை எதைக் கொண்டு பிரிப்பது?

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் போடலாம்?" மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் சைக்கிளில் நெடும்பயணம் போக நினைக்கிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். யாழ்ப்பாணத்தில் ஓடிப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வியே ஒரு பொறி. தீபகற்பம் முழுக்கத் தட்டை. இங்கே 60 கிலோமீற்றர் என்றால் எந்தப் பக்கம் போனாலும் கிட்டத்தட்ட ஒரே களைப்புத்தான். அந்தப் பழக்கத்தோடு மலைநாட்டுக்குப் போகிறவர் அங்கேயும் கிலோமீற்றரையே எண்ணுகிறார்.

நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். நான், மச்சான், அவனுடைய கூட்டாளி, 54 வயதுச் சின்ன மாமா என்று நான்கு பேர். ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் முதல் கண்டி வரை 321 கி.மீ., கண்டியிலிருந்து கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா 77 கி.மீ. மொத்தம் 398. ஐந்தால் பிரித்தால் நாளுக்கு 80. கடைசி நாள்தான் மிகக் குறைந்த தூரம் என்று எங்களுக்குச் சந்தோஷம் வேறு. "எழுபத்தேழுதானேடா, மத்தியானச் சோத்துக்குப் போயிடலாம்" என்றார் மாமா. கியர் இல்லாத சைக்கிளில் வந்தவர் அவர். புஸ்ஸல்லாவையில் நாங்கள் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது உண்மைதான். ஆனால் நுவரெலியாவுக்கு இன்னும் 37 கி.மீ. மிச்சம் இருந்தது, பெரிய மேடும் அதில்தான் இருந்தது. நாலரை மணிக்கு றம்பொடைக்கு முன்னால் புகார் இறங்கியது. மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லொறிதான் எங்களையும் நான்கு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு அதே பாதையை மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்றையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

முதலாவது, குழுவில் மெதுவானவர் பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேருகிறாரா என்பது. நடுத்தரமானவரை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் குழு போய்ச் சேரும் நேரம் மெதுவானவர் சேரும் நேரம்தான். இரண்டாவது, நாள் முடிகிற இடத்தில் படுக்க இடம் இருக்கிறதா. மூன்றாவது, அந்தப் பிரிப்புக்கு என்ன தகவல் வேண்டும், அதை நம்பலாமா. நான்காவது, காசும் லீவும். இந்த நான்கிலும் முதலாவதுக்கே நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். லொறியில் ஏறியவன் அப்படித்தான் கொடுப்பான்.

## வழி ஒன்று: எல்லா நாளும் சம தூரம்

இதற்குப் பாதையின் நீளம் மட்டும் தெரிந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. மேடு இல்லாத பாதையில், உடற்பலம் ஏறக்குறைய ஒத்தவர்கள் போனால் இதைவிடப் பெரிய கணக்கு தேவையே இல்லை. சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்கு இறங்கி ஏ32 வீதியில் மன்னார் போகிறவர்கள், அல்லது வவுனியாவரை மட்டும் போய்த் திரும்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதன் மறைவான செலவு இரண்டு. 80ஆவது கிலோமீற்றர் எந்த ஊரில் விழும் என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. எங்கள் முதல் நாள் முறிகண்டியில் முடிந்தது. பிள்ளையாரைக் கும்பிட்டோம், கச்சானும் வாங்கினோம், இரவு தங்க வந்த வழியே கிளிநொச்சிக்குத் திரும்பி ஓடினோம். மறுநாள் காலை அதே தூரத்தை மறுபடியும் ஓட வேண்டியதாயிற்று.

இரண்டாவது செலவு காற்று. சமதரையில் மேடு இல்லை என்று யார் சொன்னது? வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம் அடிக்கிற காலத்தில் ஏ9 வீதியில் தெற்கே போகிறவருக்கு அது வலப்பக்க முன்னாலிருந்து முகத்தில் அடிக்கும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நேர் எதிர்க்காற்று வீசினால், பையோடு நிமிர்ந்திருந்து ஓடுகிறவருக்கு அது கிட்டத்தட்ட 3.5 சதவீத மேட்டுக்குச் சமம். அதாவது 100 மீற்றர் போக மூன்றரை மீற்றர் ஏறுகிற மேடு, இறக்கமே இல்லாமல். அந்த மாதங்களில் ஆனையிறவு வெளியில் 80 கி.மீ. என்பது தையில் ஓடுகிற 80 அல்ல. நாங்கள் மாசியில் போனதால் காற்று முதுகுப் பக்கம் இருந்தது, அதனால் முதல் மூன்று நாளும் இந்தக் கணக்கின் பிழை எங்களுக்குத் தெரியவே இல்லை.

## வழி இரண்டு: மேடு சேர்த்த தூரம்

ஏறுகிற உயரத்தைச் சமதரைக் கிலோமீற்றராக மாற்றித் தூரத்தோடு கூட்டுவதுதான் இது. எத்தனை மீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். ஓடுபவரின் எடை, பையின் எடை, வேகம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறுவதுதான் காரணம். எங்களைப் போன்றவர்களுக்கு நான் இப்படிப் பார்த்தேன். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 88 கிலோ. அதை 100 மீற்றர் உயரம் தூக்க ஏறத்தாழ 86 கிலோயூல் சக்தி வேண்டும். சமதரையில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஒரு கிலோமீற்றர் ஓட 14 கிலோயூல் போதும். ஆக, 100 மீற்றர் ஏற்றம் என்பது 6 கி.மீ. சமதரை. குனிந்து வேகமாக ஓடுகிற பெடியனுக்குச் சமதரையிலேயே காற்றைக் கிழிக்கக் கூடுதல் சக்தி போகிறது. அதனால் அவனுக்கு இந்த 6 என்பது 4 ஆகக் குறையும்.

இறக்கத்தில் திரும்பக் கிடைக்கும் என்று கழிக்க வேண்டாம். மலைப்பாதை வளைவுகளில் அந்தச் சக்தி பிறேக் கட்டையில்தான் போய் முடிகிறது.

இப்போது பாதையைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா 142 கி.மீ., அங்கிருந்து தம்புள்ளை 107. இந்த இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குக்கு 400 மீற்றர் ஏற்றம் வைத்தேன். தம்புள்ளையிலிருந்து மாத்தளை வழியாகக் கண்டி 72 கி.மீ. நாலந்தைப் பக்கம் ஏறி இறங்கும், மாத்தளை தாண்டியதும் பலகடுவ மேடு. அதற்கு 700. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 1,500. கண்டி கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றரிலும் இருக்கின்றன, இடையிலுள்ள சிறிய இறக்கங்களை மறுபடி ஏறுவதும் உண்டு.

கூட்டிப் பாருங்கள். 77 கி.மீ. கடைசித் துண்டு 77 + 90 = 167 ஆகிறது. தம்புள்ளை-கண்டி 72 + 42 = 114. மொத்தப் பயணம் 398 அல்ல, 554. இதை ஐந்தால் பிரித்தால் நாளுக்கு 111, ஆறால் பிரித்தால் 92. ஆகக் குறுகியது என்று நாங்கள் கொண்டாடிய நாள் உண்மையில் ஒன்றரை நாள் வேலை. லொறிக்காரரைச் சந்திப்பது அன்றே எழுதப்பட்டுவிட்டது!

இந்தக் கணக்கு எங்கே கவிழும்? தகவலில்தான். கைப்பேசி வரைபடம் தருகிற 'மொத்த ஏற்றம்' தரையைச் சதுரம் சதுரமாக அளந்த உயரங்களைக் கூட்டிக் காட்டுவது. சதுரத்துக்குச் சதுரம் இரண்டு மூன்று மீற்றர் பிழை இருந்தாலும் அதையும் ஏற்றமாக எண்ணிவிடும். எளிய சோதனை ஒன்று: யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் பாதை போட்டுப் பாருங்கள். அது நூற்றுக்கணக்கான மீற்றர் ஏற்றம் காட்டினால் மற்றப் பாதைகளுக்கும் அது ஊதித்தான் சொல்லும். அப்படியானால் நீங்கள் ஏறுகிற பெரிய மேடுகளை மட்டும் எடுத்து, உச்சியின் உயரத்திலிருந்து அடியின் உயரத்தைக் கழித்து, கையால் கூட்டுவது நல்லது. இந்தப் பாதையில் அப்படிப்பட்ட மேடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

இன்னொரு குறை, இந்தக் கணக்கு எல்லோரையும் ஒரே ஆளாகப் பார்க்கிறது. 92 என்ற எண் மச்சானுக்குச் சரி. மாமாவுக்கு?

## வழி மூன்று: மெதுவானவரின் மணிக்கணக்கு

இதில் தூரத்தை மறந்துவிடுகிறோம். மெதுவானவர் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் பெடல் மிதிக்கலாம் என்று முதலில் முடிவு செய்கிறோம். நான் வைத்தது ஐந்து. விடிந்ததும் புறப்பட்டு, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கால் மணி ஓய்வும் சாப்பாட்டு நேரமும் சேர்த்து, மூன்று மணிக்குள் சேர அதுதான் பொருந்தியது. பிறகு இரண்டு எண்கள் வேண்டும்: சமதரையில் அவரது வேகம், மேட்டில் மணிக்கு எத்தனை மீற்றர் உயரம் ஏறுகிறார் என்பது.

மேடு இருக்கிற துண்டுக்கு உயரத்தை மட்டும் எண்ண வேண்டும், சமதரைத் துண்டுக்குத் தூரத்தை மட்டும். ஒரே துண்டுக்கு இரண்டையும் எண்ணினால் மேட்டை இரண்டு தடவை கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

மாமா சமதரையில் 15. மேட்டில் 250 மீற்றர். மச்சான் சுலபமாக 400க்கு மேல். மாமாவின் எண்ணை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பீர்கள், யாழ்ப்பாணத்தில் மேடு எங்கே? காற்றில்தான். சோழகக் காலத்தில் வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதி காற்றுக்கு நேர் எதிரே நீள்கிறது. மறைப்பே இல்லை. பயணத்துக்குக் கொண்டுபோகும் பையோடு, மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் பேசக்கூடிய வேகத்தில் அதிலே ஓடவேண்டும். தாம்போதி நீளம் போதாது, அதனால் காற்றோடு திரும்பி வந்து மறுபடி எதிரே போய், எதிர்க்காற்றில் மட்டும் ஒரு மணித்தியாலம் சேர்க்க வேண்டும். காற்று 25 கி.மீ. அளவில் இருந்து ஆள் 9 கி.மீ. வேகத்தில் போனால், மேட்டில் மணிக்கு 300 மீற்றர் ஏறுவார். 7.5 என்றால் 230, 240. காற்றின் வேகம் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே நாளில் ஒரே காற்றில் எல்லோரும் ஓடினால் யார் யாரைவிட எவ்வளவு பின்தங்குவார் என்பதாவது துல்லியமாகத் தெரிந்துவிடும். எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

அதோடு ஒரு நாள் ஓட்டத்தை நம்ப வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு நாள் ஓடிப் பாருங்கள். இரண்டாம் நாள் அதே பாதைக்கு ஏழில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் நேரம் எடுத்தால் ஐந்து மணித்தியாலத்தை நாலரையாகக் குறைப்பது என் வழக்கம்.

இனி கியர். எந்தக் கணக்குக்கும் முந்தியது இது, எங்கள் முதல் பயணத்தில் நாங்கள் பார்க்கவே தவறியதும் இதுதான். மாமாவின் சைக்கிளில் செயின்வீலில் 44 பல், பின் பிறீவீலில் 18. ஒரு மிதிக்குச் சைக்கிள் ஏறத்தாழ 5.4 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 40 மிதிக்குக் கீழே போனால் கால் இழுக்கும். அந்த 40 மிதியிலேயே வேகம் மணிக்கு 13 கி.மீ. ஆகிவிடுகிறது. அதாவது 5 சதவீத மேட்டிலும் அவர் 13க்குக் கீழே ஓட முடியாது, அந்த வேகத்தில் ஏற அவரால் தொடர்ந்து கொடுக்கக்கூடிய பலத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வேண்டும். கொஞ்ச நேரம் எழும்பி நின்று மிதிப்பார், அப்புறம் இறங்கி உருட்டுவார். மச்சானின் மவுண்டன் சைக்கிளில் முன்னால் சின்னது 28 பல், பின்னால் பெரியது 32. ஒரு மிதிக்கு 1.8 மீற்றர்தான். 60 மிதியில் மணிக்கு 6.5 கி.மீ., அதே மேட்டை உட்கார்ந்தபடியே ஏறுவான். ஆகவே புறப்படுமுன் பல்லை எண்ணுங்கள். முன்னால் சின்னதைவிடப் பின்னால் பெரியது பெரிதாகவோ, குறைந்தது சமமாகவோ இருந்தால் றம்பொடையை நினைக்கலாம். அப்படி இல்லாதவருக்கு மேட்டு வேகம் என்று எழுதுகிற எண்ணில் பாதி நடைதான்.

கண்டி-நுவரெலியாவை மாமாவின் எண்ணில் போடுவோம். கம்பளை வரை 20 கி.மீ. பெரும்பாலும் தட்டை, 1 மணி 20 நிமிடம். அங்கிருந்து 1,500 மீற்றர் ஏற்றம், 250 என்ற கணக்கில் 6 மணித்தியாலம். மொத்தம் ஏழு மணி இருபது நிமிடப் பெடல். ஓய்வு சேர்த்தால் பத்தை நெருங்கும். ஐந்து மணித்தியால எல்லைக்குள் அடங்காது, புஸ்ஸல்லாவையில் முறித்தே ஆக வேண்டும். மச்சான் தனியே போனால் ஐந்து மணித்தியாலத்துக்குள் ஏறிவிடுவான்.

இந்த வழியின் செலவு கண்ணுக்குத் தெரிந்தது: கூடுதல் இரவுகள், கூடுதல் லீவு. கண்ணுக்குத் தெரியாதது, பலமானவர்களின் பொறுமை. மச்சானும் கூட்டாளியும் பத்து மணிக்கே வந்து சேர்ந்து ஊர் சுற்றுவார்கள், இரண்டாம் நாள் சலிப்பார்கள், மூன்றாம் நாள் மாமாவை இழுத்துக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். இன்னொன்று, இந்தக் கணக்கு மெதுவானவரின் நேர்மையில் நிற்கிறது. மாமா முதலில் எனக்குச் சொன்ன சமதரை வேகம் 20.

## பக்கத்தில் பக்கத்தில்

| நாள் | சம தூரம் | மேடு சேர்த்த தூரம் | மாமாவின் மணிக்கணக்கு |
|---|---|---|---|
| 1 | முறிகண்டிப் பக்கம், 80 கி.மீ. | மாங்குளம், 95 (99) | கிளிநொச்சி, 67 |
| 2 | வவுனியா தாண்டி, 80 | மதவாச்சி, 74 (83) | வவுனியா, 75 |
| 3 | தம்புள்ளைக்கு முன்னால், 80 | தம்புள்ளை, 80 (91) | மிகிந்தலை, 53 |
| 4 | கண்டி, 80 | கண்டி, 72 (114) | தம்புள்ளை, 54 |
| 5 | நுவரெலியா, 77 | புஸ்ஸல்லாவை, 40 (73) | கண்டி, 72 |
| 6 | | நுவரெலியா, 37 (94) | புஸ்ஸல்லாவை, 40 |
| 7 | | | நுவரெலியா, 37 |

அடைப்புக்குள் இருப்பது மேடு சேர்த்த எண். இடையிலுள்ள ஊர்களுக்கான தூரங்கள் ஒன்றிரண்டு கிலோமீற்றர் அங்குமிங்கும் இருக்கலாம், திட்டம் போட அது போதும்.

நடு நிரலில் நான்காம் நாளைப் பாருங்கள். 114, சராசரியைவிட மிக அதிகம். அதுவும் மூன்று நாள் ஓடிய கால்களோடு. மாத்தளையில் முறித்தால் ஏழு நாளாகிவிடும். லீவு இருந்தால் முறிப்பேன், இல்லாவிட்டால் கண்டியில் ஒரு நாள் சும்மா இருப்பேன். எப்படிப் போட்டாலும் ஒரு நாள் கூடத்தான் செய்கிறது. மூன்றாவது நிரலிலும் அதே துண்டு மாமாவுக்கு ஆறு மணித்தியாலத்தை நெருங்குகிறது, அதுவும் எல்லை மீறியதே.

## யாருக்கு எது

வவுனியாவோடு திரும்புகிறவர்களுக்குச் சம தூரம் போதும் என்று முன்னரே சொன்னேன். கிளிநொச்சியில் நிறுத்துவதா மாங்குளத்தில் நிறுத்துவதா என்பதை மட்டும் தங்குமிடம் பார்த்து நகர்த்திக்கொள்ளுங்கள். நான்கு பேரும் கியர் சைக்கிள், நான்கு பேரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் என்றால் மேடு சேர்த்த தூரம் தாராளமாகப் போதும், ஒரு இரவுச் செலவு மிச்சமாகும். தகப்பனும் மகனும், மாமாவும் மருமக்களும் என்று கலந்து போகிறவர்கள் மணிக்கணக்கைத்தான் எடுக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடைமுறையில் நான் இரண்டாவதால் பாதையை வரைந்து, மூன்றாவதால் வெட்டுகிறேன். முதலில் 92, 92 என்று பிரித்து ஊர்களைக் குறிக்கிறேன். பிறகு மெதுவானவரின் மணிக்கணக்கை ஒவ்வொரு நாளுக்கும் போட்டு, ஐந்தைத் தாண்டுகிற நாட்களை மட்டும் முறிக்கிறேன். வெறுமனே மணிக்கணக்கை வைத்துத் தொடங்கினால் முதல் நாட்கள் தேவைக்கு மேல் சின்னதாகிவிடுகின்றன. முதுகுக் காற்று வீசும் மாசியில் கிளிநொச்சியோடு நிற்பது அநியாயம்.

ஓடத் தொடங்கிய பிறகும் திட்டம் பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. காலையில் எழும்பியதும், படுக்கையிலேயே, நாடியை எண்ணுங்கள். வழமையைவிட நிமிடத்துக்குப் பத்துக்கு மேல் கூடியிருந்து, காலைச் சாப்பாடும் இறங்காவிட்டால், முந்தின நாள் அதிகமாகிவிட்டது. அன்றைக்கு அடுத்த ஊரோடு நிறுத்துங்கள். முழங்கால் சில்லுக்கு முன்பக்கம் நோவது வேறு கதை. அது தூரத்தால் வருவதைவிடக் கனமான கியரை மெதுவாக மிதிப்பதால் வருவது, இருக்கை தாழ்ந்திருந்தாலும் வரும். தூரத்தைக் குறைத்தாலும் அது போகாது.

இந்த மாசிக்கு மறுபடி போகிறோம். ஏழு நாள், கண்டியில் ஒரு நாள் ஓய்வு, மொத்தம் எட்டு. மாமா பழைய சைக்கிளை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். அதனால் பின்சில்லை மட்டும் கழற்றி, ஆறு தட்டு பிறீவீல் ஏறுகிற சில்லு போட முடியுமா என்று கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறோம். முன்னால் 44 அப்படியே நின்றால் பின்னால் 32 போட்டும் நிமிடத்துக்கு 40 மிதியில் வேகம் மணிக்கு 7 கி.மீ.க்கு மேல்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏழு போதும், மிச்சத்தை உருட்டுறன்" என்றார். அவருடைய எண்ணை 250 என்றே வைத்திருக்கிறேன்.